52 விநாடிக்குள் தமிழ்

வெளிநாட்டில் காணொளி செய்கிறவர் உங்களுக்கு முதலில் அனுப்புவது பெரும்பாலும் ஒரு யூடியூப் இணைப்பைத்தான். கூடவே, தமிழில் பேசித் தர எவ்வளவு ஆகும் என்று ஒரு வரி. இணைப்பை மட்டும் பார்த்து விலை சொல்லிவிடாதீர்கள். எழுத்து எதுவும் பதியாத படம், பேச்சு தனி, இசை தனி, மற்ற சத்தங்கள் தனி என்று நான்கு கோப்புகள் அவரிடம் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். வேலை அரை நாளா, ஒரு நாளா என்பது அவர் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். ஒரே காணொளிக்குப் பல மொழி ஒலித்தடங்களைச் சேர்க்கும் வசதியை யூடியூப் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. 2025 செப்டம்பரில் அதை இன்னும் ஏராளமான சேனல்களுக்குத் திறந்துவிட்டது. தனியாகத் தமிழ்ச் சேனல் தொடங்கத் தேவையில்லாமல் போனதால், சின்னச் சேனல்காரர்களும் இப்போது டப்பிங் கேட்டு வருகிறார்கள். ஆனால் பார்ப்பவர் தமிழைத் தேர்ந்தெடுத்தால் அவர் காதில் விழுவது நீங்கள் கொடுத்த தடம் மட்டுமே. மூலத்தில் இருந்த இசை, சுத்தியல் அடி, வாள் அறுக்கும் சத்தம் எல்லாமே உங்கள் தடத்துக்குள் இருக்க வேண்டும். பேச்சை நீக்கிய இசை, சத்தத் தடம் கிடைக்காவிட்டால் அவற்றை நீங்களே முதலிலிருந்து உருவாக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் மூலப் பேச்சைத் தாழ்த்தி, அதன் மேல் தமிழை ஓட்ட வேண்டும். பேட்டிக்கு அது சரி. ஒரு நிமிடக் காணொளியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் இரைச்சலாகக் கேட்கும். இரண்டு முறைக்கும் இரண்டு விலை சொல்லி, முடிவை அவரிடம் விடுங்கள்.

ஓர் உதாரணத்தைக் கடைசி வரை பார்ப்போம். கனடாவில் ஒரு தச்சர் மர முக்காலி செய்கிறார். காணொளி 52 விநாடி. அதில் அவர் பேசுவது 41 விநாடி, பதினோரு வாக்கியம். மற்ற நேரமெல்லாம் உளி, சுத்தியல், இசை. முகம் நேராகத் தெரியும் இடம் மூன்று. இந்தக் கணக்கை எடுத்த பிறகுதான் மொழிபெயர்ப்பைத் தொட வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் எந்த விநாடியில் தொடங்கி எதில் முடிகிறது, அப்போது திரையில் முகமா கையா மரமா என்று ஒரு அட்டவணை போடுங்கள். `Aegisub` போன்ற இலவச மென்பொருளில் ஒலி அலையைப் பார்த்தபடியே இதைக் குறிக்கலாம்.

குறிக்கும் முன் கோப்பின் ஃபிரேம் வேகத்தையும் பார்த்துவிடுங்கள். கைபேசியில் எடுத்த படங்களில் இந்த வேகம் சீராக இருக்காது, ஏறி இறங்கும். அப்படியே எடிட்டிங்கில் ஏற்றினால் தொடக்கத்தில் உதடும் பேச்சும் பொருந்தும், போகப்போக விலகும். முதல் வாக்கியம் சரியாக இருந்து கடைசி வாக்கியம் மட்டும் தள்ளிப்போனால் பேசியவர் மேல் பழி போடாதீர்கள். படத்தை நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

எழுத்தை எண்ணுதல்

ஆங்கிலத்தை நேரடியாகத் தமிழாக்கினால் ஏறக்குறைய எப்போதும் நீண்டுவிடும். எவ்வளவு நீளும் என்பதைச் சொற்களை எண்ணி அறிய முடியாது. தமிழில் ஒரே சொல் மூன்று ஆங்கிலச் சொல்லின் வேலையைச் செய்யும், வாய்க்கு அதே அளவு நேரமும் எடுக்கும். எண்ண வேண்டியது எழுத்தை. கட்டளைக் கலித்துறைக்கு எண்ணுவதுபோல ஒற்று நீக்கி, அதாவது புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணுங்கள். என் கைக்கணக்கு விநாடிக்கு ஆறு எழுத்து. ஏழு வரை போகலாம். எட்டைத் தொட்டால் பேச்சு ஏலம் விடுவதுபோல் ஆகிவிடும். நெடில் மலிந்த வரி இன்னும் மெதுவாகப் போகும், அதற்கு ஆறுக்கும் கீழே வையுங்கள்.

தச்சரின் 41 விநாடிக்கு 246 எழுத்து. முதல் தமிழ்ப் பிரதி 330-ஐத் தாண்டி நிற்கும் என்று வைத்துக்கொள்வோம், அது வழக்கமானதுதான். நான்கில் ஒரு பங்கை வெட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இங்கே செய்வது, வெட்டாமல் வேகமாகப் பேசி அடைப்பது. அல்லது பதிவு செய்த பிறகு கணினியில் சுருக்குவது. ஐந்து சதவீதம் வரை சுருக்கினால் பெரும்பாலும் தெரியாது. பத்தைத் தாண்டினால் மூச்சுகள் விக்கல்போல் கேட்கும்.

எப்படி வெட்டுவது? படத்தில் தெரிவதைச் சொல்லாமல் விடுவது முதல் வழி. தச்சர் பலகையைக் காட்டி, இப்போதே இதைத் தேய்க்க வேண்டாம் என்கிறார். கிடைக்கும் நேரம் 1.1 விநாடி. ‘இப்பவே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிடாதீங்க’ என்று எழுதினால் பதின்மூன்று எழுத்து. உப்புத்தாள் அவர் கையிலேயே இருக்கிறது. ‘இப்பவே தேய்க்காதீங்க’, ஏழு எழுத்து, போதும். அளவுகளில் இன்னும் மிச்சம் பிடிக்கலாம். அவர் எட்டில் ஐந்து அங்குலம் என்கிறார். நம் ஊர் ஆசாரிக்கு ஒரு அங்குலம் எட்டு நூல். ஆகவே ‘அஞ்சு நூல்’, மூன்றே எழுத்து. ஆனால் யார் பார்க்கப் போகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தச்சு வேலை தெரிந்தவர்கள் பார்க்கும் சேனலில் நூல் எடுபடும். பொழுதுபோக்குக்காகப் பார்ப்பவர்கள் பாதிப்பேருக்கு அது புரியாது, அங்கே ‘முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி’ என்று நீட்டிக்கொண்டு, வேறு வரியில் இறுக்க வேண்டியதுதான்.

நீளத்தைவிடச் சிக்கலானது வரிசை. தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் ஆச்சரியம் கடைசியில் வரும். தச்சர் முக்காலியின் மூட்டைக் காட்டி, இது நிற்கும் என்று சொல்லி, அடுத்த வெட்டில் முக்காலியைக் கவிழ்த்து, ஒரு ஸ்க்ரூகூட இல்லை என்பதைச் சொல்கிறார். படமும் அந்த இடத்தில்தான் அடிப்புறத்தைக் காட்டுகிறது. ‘ஒரு ஸ்க்ரூ கூட இல்லாம இந்த மூட்டு நிக்கும்’ என்பது நல்ல தமிழ்தான், பதினான்கு எழுத்துதான். ஆனால் முக்காலி கவிழும் முன்பே குட்டு உடைந்துவிடுகிறது, கவிழும்போது ‘நிக்கும்’ என்ற சொத்தைச் சொல் மிஞ்சுகிறது. வாக்கியத்தை இரண்டாக்குங்கள்: ‘இந்த மூட்டு பிரியாது. ஒரு ஸ்க்ரூ கூட இல்ல.’ பதினைந்து எழுத்து, 2.6 விநாடிக்குச் சரியாக அமரும். நடுவில் வரும் முற்றுப்புள்ளி படத்தின் வெட்டின் மேலேயே விழும். வேலை நேரத்தில் பெரும்பகுதி இந்த மாதிரி இடங்களிலேயே போகும். மொழிபெயர்ப்பாளரும் குரல் கொடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், பிரதியைக் கொடுக்கும் முன் மொழிபெயர்ப்பாளர் படத்தை ஓடவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தே தீர வேண்டும்.

உதடு பொருத்தம் பற்றி எல்லோரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஒரு நிமிடக் காணொளியில் முகம் தெரியும் இடம் மூன்றோ நாலோதான். அங்கேயும் பார்ப்பவர் கண் கவனிப்பது உதடு மூடும் ஓசைகளை, அதாவது ப, ம வரும் இடங்களை. அவர் உதடு ஒட்டும் ஃபிரேமில் நம் வரியிலும் ஒரு ப-வோ ம-வோ விழுந்துவிட்டால் மற்றதையெல்லாம் கண் மன்னித்துவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் BT.1359 பரிந்துரை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. ஒலி படத்தைவிட 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது. விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் 33 மில்லி விநாடி. ஆக, சந்தேகம் வந்தால் பேச்சை ஒரு ஃபிரேம் பின்னால் தள்ளுங்கள், முன்னால் இழுக்காதீர்கள்.

யார் குரல்

குரல் பொருத்தம் என்றதும் கட்டைக்குரலுக்குக் கட்டைக்குரல் தேடுகிறார்கள். தச்சருக்கு ஐம்பது வயது, கரகரத்த குரல். அந்தக் கரகரப்பைப் போலிசெய்து பேசினால் நாடக மேடைத் தாத்தா வந்துவிடுவார். அவர் எவ்வளவு தெம்பாகப் பேசுகிறார், வாக்கியத்தின் முடிவில் குரலை ஏற்றுகிறாரா இறக்குகிறாரா, மைக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பவைதான் பொருந்த வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் பெரும்பாலும் பிசகு. அவர் பட்டறையில் சட்டையில் குத்திய சிறு மைக்கில் பேசியிருப்பார். நீங்கள் துணி அலமாரிக்குள் மைக்கை நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேசியிருப்பீர்கள். அருகில் பேசினால் தாழ்ந்த ஒலி தடித்து, வானொலி அறிவிப்புபோல் ஆகும். மைக்கிலிருந்து ஒரு சாண் விலகிப் பேசி, பிறகு பட்டறைக்கு ஏற்ற எதிரொலியைச் சிறிதளவு சேர்த்தால் குரல் அந்த இடத்துக்குள் போய்விடும். சோதிப்பது எளிது. கண்ணை மூடிக்கொண்டு மூலத்தையும் தமிழையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஆள் நம் பக்கம் ஓர் அடி நகர்ந்ததுபோல் தோன்றினால் இன்னும் பொருந்தவில்லை.

கொங்குப் பேச்சை வைத்துக்கொள்ளலாமா என்று நம் பக்கத்துக்காரர்கள் தயங்குவார்கள். பார்ப்பவர் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் இருப்பார். ‘பண்ணுங்க, பாருங்க’ என்ற மரியாதை எங்கும் செல்லும். ‘ஏனுங்க’ வந்தால் ஆள் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். தெரிவதில் தப்பில்லை, முதல் காணொளியிலிருந்து கடைசி வரை அப்படியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நேரக்கணக்கில் அதற்கு விலை உண்டு. ‘சொல்றேன்’ இரண்டு எழுத்து, ‘சொல்றேனுங்க’ நான்கு. வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’ என்று போனால், பதினோரு வாக்கியத்தில் மூன்றரை விநாடி அதற்கே போய்விடும். நான் தொடக்கத்திலும் கடைசியிலும் மட்டும் விட்டுவிட்டு நடுவில் எடுத்துவிடுவேன்.

மாதிரி கேட்டால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் விளம்பரக் குரல் தொகுப்பை அனுப்பாதீர்கள். அவருடைய காணொளியிலேயே 15 விநாடியை எடுத்துப் பேசி அனுப்புங்கள். அதற்கு மேல் இலவசமாகச் செய்ய வேண்டாம்.

தறி ஓடும் ஊரில் பதிவு

கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் வீட்டில் பதிவு செய்கிறவருக்குச் சென்னை வழிகாட்டிகள் சொல்லாத ஒரு சங்கடம் உண்டு. பக்கத்தில் விசைத்தறி ஓடும். ‘அரை மணி நேரம் நிறுத்த முடியுங்களாண்ணா’ என்று கேட்கலாம்தான். ‘அந்தக் கூலிய யாரு கண்ணு குடுப்பா?’ என்று தறிக்காரர் திரும்பக் கேட்பார், நியாயம்தானே.

தறிச் சத்தம் இரண்டு வகையாக வருகிறது. ஒன்று தரைவழியாக ஏறும் அதிர்வு, மைக் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பரோ மெத்தையோ போட்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெருமளவு போய்விடும். இன்னொன்று நாடா அடிக்கும் சடக் சத்தம். சாதாரணத் தறியில் அது நிமிடத்துக்கு நூறைத் தாண்டும், பேச்சு இருக்கும் அலைவரிசையிலேயே வந்து விழும், எந்த வடிகட்டியாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. பேசாத இடத்தில் மைக்கை மூடிவிடும் நாய்ஸ் கேட் போடுகிறார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். வாக்கியத்துக்கு இடையே அமைதி, வாய் திறந்ததும் அடியில் சடக் சடக். ஹெட்ஃபோனில் கேட்டால் உடனே தெரியும், கைபேசி ஒலிபெருக்கியில் தெரியாது, அதனால் பலர் அப்படியே அனுப்பிவிடுகிறார்கள்.

கண்டென்ஸர் மைக்கைவிட டைனமிக் மைக் இங்கே உதவும். அருகில் இருப்பதை எடுத்துக்கொண்டு தூரத்துச் சத்தத்தைக் குறைவாகப் பிடிக்கும். ஆனால் மேலே சொன்ன ஒரு சாண் தூரம் அப்போது சாத்தியமில்லை, அருகில் பேசிவிட்டுத் தாழ்ந்த ஒலியை எடிட்டிங்கில் குறைக்க வேண்டும். இதைவிட நல்ல வழி மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள். பகல் முழுக்க ஊரே நிசப்தமாக இருக்கும். யூ.எஸ்.பி. வழியாக மின்சாரம் எடுக்கும் ஒலிப்பெட்டியும் முழு சார்ஜ் ஏற்றிய மடிக்கணினியும் இருந்தால், ஒரு மாதத்துப் பதிவை அன்று காலையிலேயே முடித்துவிடலாம். பிரதிகளை அதற்குள் தயார் செய்து வைத்திருக்க வேண்டும். அக்டோபரில் மாதா கோயில் திருவிழா நாட்களை மட்டும் நாட்காட்டியில் அடித்துவிடுங்கள், ஒலிபெருக்கிக்கு எந்த மெத்தையும் தாங்காது.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். கலவை முடிந்ததும் நீளத்தையும் ஒலி அளவையும் பார்க்க இரண்டு கட்டளைகள் போதும்:

```
ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 mix.wav
ffmpeg -i mix.wav -af loudnorm=I=-14:TP=-1:print_format=summary -f null -
```

முதல் வரி காட்டும் நீளம் படத்தின் நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் யூடியூப் தடத்தை ஏற்காமல் போகலாம். இரண்டாவது `Input Integrated` என்ற எண்ணைக் காட்டும். யூடியூப் -14 LUFS-ஐ ஒட்டி ஒலியைச் சமன் செய்கிறது. ஆனால் நான் முதலில் மூலக் கோப்பை அளந்து, தமிழை அதே எண்ணில் வைப்பேன். மொழி மாற்றிக் கேட்பவருக்கு ஒலி எகிறக் கூடாது.

திரையில் வரும் எழுத்தும் உங்கள் பொறுப்பில் சேர்ந்தால், தமிழை உரையாக அனுப்பாதீர்கள். தமிழ் சரியாக வராத எடிட்டிங் மென்பொருளில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது தப்பு என்றே தெரியாது. பின்னணி இல்லாத PNG படமாகச் செய்து அனுப்பிவிடுங்கள்.

கூலி

முடிந்த நிமிடத்துக்கு இவ்வளவு என்பதுதான் பரவலான வழக்கம். குறுங்காணொளிக்கு இந்த வழக்கம் ஒத்துவராது. தச்சரின் 52 விநாடிக்கு நேரம் குறிக்க அரை மணி, பிரதி எழுத ஒன்றேகால் மணி, பதிவு 40 நிமிடம், எடிட்டிங்கும் கலவையும் ஒரு மணி, கடிதப் போக்குவரத்தும் திருத்தமும் 35 நிமிடம். மொத்தம் நான்கு மணி நேரம். நிமிடத்துக்கு 1,500 ரூபாய் என்று சொல்லியிருந்தால் கிடைப்பது 1,300, மணிக்கு 325. சரி என்று தோன்றும். அவரே அடுத்து 20 விநாடித் துண்டு ஒன்று அனுப்புகிறார். நேரம் குறிக்க 20 நிமிடம், பிரதிக்கு 40, பதிவு 25, கலவை 40, கடிதமும் திருத்தமும் அதே 35. இரண்டு மணி 40 நிமிடம் உழைத்து 500 ரூபாய், மணிக்கு 187. படம் பாதிக்கும் கீழே சுருங்கியது, உழைப்பு மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது.

ஆகவே உங்கள் மணி நேரக் கூலியை முதலில் முடிவு செய்யுங்கள். 500 என்று வைத்தால் 52 விநாடிக்கு 2,000, 20 விநாடிக்கு 1,300-க்கு மேல். இந்த எண்கள் கணக்கு காட்டத்தான், உங்கள் அனுபவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்லும்போது ‘ஒரு காணொளிக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு, ஒரு நிமிடத்தைத் தாண்டினால் ஒவ்வொரு 15 விநாடிக்கும் இவ்வளவு’ என்று இரண்டே வரியில் எழுதுங்கள். இசை, சத்தத் தடம் இல்லாமல் வந்தால் அரைமடங்கு கூடுதல். உச்சரிப்பு, நேரம் தொடர்பான திருத்தம் ஒரு முறை இலவசம். தமிழ் தயாரான பிறகு அவர் படத்தை மறுபடி வெட்டினால் அது புது வேலை. சேனலில் ஓடும் காணொளிக்குப் பேசியதை அவர் பிறகு கட்டண விளம்பரமாக ஓட்டினால் அதற்குத் தனிக் கட்டணம், எத்தனை மாதத்துக்கு என்பதோடு எழுதி வாங்குங்கள்.

கூலி எந்தத் தேதியில் மறுபரிசீலனைக்கு வரும் என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள். கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கேட்டு 2022 ஜனவரியிலும் 2025 மார்ச்சிலும் தறியை நிறுத்த வேண்டியிருந்தது. மின் கட்டணமும் உதிரிபாகமும் ஏற, கூலி மட்டும் பழைய இடத்திலேயே நின்றதுதான் காரணம். கூலிக்கு நெய்கிறவரைப் போலத்தான் நாமும், கருவியும் மின்சாரமும் நம்முடையவை. அவர்களுக்குச் சங்கம் உண்டு. தனியாக வேலை செய்கிறவருக்கு அந்த ஒரு வரிதான் உண்டு.

பணம் வரும் வழியிலும் கழிவு உண்டு. அனுப்பும் கட்டணம் கண்ணுக்குத் தெரியும். டாலரை ரூபாயாக்கும்போது அன்றைய சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுப்பது தெரியாது. கையில் வந்த ரூபாயை டாலர் எண்ணால் வகுத்து அன்றைய விலையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வங்கி வழியாக வரும் ஒவ்வொரு தொகைக்கும் நிலையான கட்டணம் இருப்பதால், காணொளிக்கு ஒரு பில் போடாமல் மாதத்துக்கு ஒன்றாகச் சேர்த்துப் போடுங்கள். பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான சான்றை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள்.

சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. பதிவு செய்த பிறகு `RFD-11` படிவத்தில் உறுதிமொழி கொடுத்துவிட்டால், வெளிநாட்டுக்காரருக்கு வரி சேர்க்காமல் பில் போடலாம். ஆனால் வேலை கொடுப்பவர் வெளிநாட்டுச் சேனல் என்றாலும், ஒப்பந்தம் போட்டுப் பணம் தருவது பெங்களூரிலோ மும்பையிலோ உள்ள ஏஜென்சி என்றால் அது ஏற்றுமதி ஆகாது. பதிவு இருந்தால் ஜி.எஸ்.டி. சேர்க்க வேண்டும், அவர்கள் டி.டி.எஸ். பிடிப்பார்கள். முதல் கடிதத்திலேயே பில் யார் பெயருக்கு என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு விலையைச் சொல்லுங்கள்.